அப்பாவின் ரத்தத்தில் 4 விழுக்காடு: ஆண்டுக்கு 3,800 வெள்ளி கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பட்டர்வொர்த்தில் இருக்கிறார். தனியார் மையம் ஒன்றில் உடல் பரிசோதனை செய்தபோது கூடவே ரத்தத்தில் ஒரு மரபணுச் சோதனையும் எடுத்தோம். டிஎன்எம்டி3ஏ மரபணுவில் மாற்றம், 4 விழுக்காடு என்று சிவப்புக் கட்டத்தில் வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோயும் மாரடைப்பும் வரலாம் என்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனை, கூடவே அதிக அளவு வைட்டமின் சி, எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 3,800 வெள்ளி. கட்டலாமா? இது பிள்ளைகளான எங்களுக்கும் வருமா? அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, பினாங்கு

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. அப்பாவுக்கு இப்போது இருப்பது புற்றுநோய் இல்லை.

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் தண்டு செல்கள்தான் நம் ரத்தம் முழுவதையும் உற்பத்தி செய்கின்றன. வயது ஆக ஆக ஒவ்வொரு செல்லிலும் சின்னச் சின்ன மரபணு மாற்றங்கள் சேரும். பெரும்பாலானவற்றால் எதுவும் ஆகாது. எப்போதாவது ஒரு செல்லில் விழும் மாற்றம், மற்ற செல்களைவிடக் கொஞ்சம் வேகமாகப் பெருகும் வசதியை அதற்குக் கொடுத்துவிடும். அந்த ஒரு செல்லின் வாரிசுகள் ரத்தத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். 70 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று 2014-இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. அதிகம் காணப்படுவது டிஎன்எம்டி3ஏ மரபணுவில்தான்.

4 விழுக்காடு என்பது மரபணுப் பிரதிகளின் கணக்கு. ஒரு செல்லில் இரண்டு பிரதிகள் உண்டு, மாறியிருப்பது பொதுவாக ஒன்றுதான். ஆகவே அப்பாவின் ரத்த செல்களில் நூற்றுக்கு எட்டு மாறியவை, மீதி 92 வழக்கமானவை.

இப்போது அந்த ஆறு மாதச் சோதனைக்கு வருகிறேன். உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், மரபணுவில் மாற்றம் விழுந்த இடத்தை 1,000 முறை படித்ததாகப் போட்டிருக்கிறது. அதில் 40 முறை மாறிய டிஎன்ஏ எழுத்து வந்திருக்கிறது, அதுதான் 4 விழுக்காடு. இதே அப்பாவின் இதே ரத்தத்தை நாளைக்கே மறுபடி படித்தால் சரியாக 40 வராது. ஒருமுறை 30 வரும், ஒருமுறை 50 வரும். எண்ணிக்கைத் தற்செயலை மட்டும் வைத்துப் பார்த்தாலே முடிவு ஏறக்குறைய 2.8-க்கும் 5.2-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஆனால் டிஎன்எம்டி3ஏ மாற்றம் உள்ள செல்கூட்டம் முதுமையில் மிக மெதுவாகத்தான் வளர்கிறது. சராசரியாக ஆண்டுக்குத் தன் அளவில் 5 விழுக்காடு. அதாவது 4 என்பது ஓர் ஆண்டில் 4.2 ஆகும், ஆறு மாதத்தில் 4.1. இந்த 0.1-ஐ அந்தச் சோதனையால் பார்க்கவே முடியாது. அடுத்த முறை 5 வந்தால் உங்களைப் பயமுறுத்துவார்கள், 3.2 வந்தால் வைட்டமின் வேலை செய்கிறது என்பார்கள். இரண்டுமே வெறும் ஏற்ற இறக்கம்தான். வயதான ஒருவரை இப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பதற வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வைட்டமின் சி கதை எங்கிருந்து வந்தது என்றால், டெட்2 என்ற வேறொரு மரபணுவிலிருந்து. அந்தப் புரதம் வேலை செய்ய வைட்டமின் சி துணை செய்கிறது. 2017-இல் எலிகளில் செய்த ஆய்வுகள் அதைக் காட்டின. அப்பாவுக்கு மாறியிருப்பது டெட்2 இல்லை. டெட்2 மாறிய மனிதர்களிலும், இந்த மாத்திரை புற்றுநோயைத் தடுக்கும் என்று நிறுவப்படவில்லை. டப்பாவில் எம்ஏஎல் எண் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அந்தப் பொருள் பதிவு செய்யப்பட்டது என்பதற்கு மட்டும்தான் அது சான்று. அப்புறம் ஒன்று: அதிக அளவு வைட்டமின் சி சிலருக்குச் சிறுநீரகக் கல்லில் கொண்டுபோய் விடும்.

ரத்தப் புற்றுநோய் ஆபத்தைக் கணிக்க மருத்துவர்களிடம் 2023-இல் வெளியான ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. எந்த மரபணு, எத்தனை மாற்றம், 20 விழுக்காட்டைத் தாண்டியதா, வயது என்ன, இவற்றோடு சாதாரண முழு ரத்தப் பரிசோதனையில் வரும் எண்களையும் சேர்த்துக் கூட்டுவார்கள். அப்பாவுக்கு டிஎன்எம்டி3ஏ ஒன்றே ஒன்று, 4 விழுக்காடு. நகலில் ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு மூன்றும் சரியாக இருக்கின்றன. சிவப்பணுவின் சராசரி அளவான எம்சிவி 91, அளவு வேறுபாட்டைக் காட்டும் ஆர்டிடபிள்யூ 13.4. கூட்டினால் குறைந்த ஆபத்துப் பிரிவில் வருகிறார். அந்தப் பிரிவில் பத்து ஆண்டுகளில் ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு. உயர் ஆபத்துப் பிரிவில் பாதிப் பேருக்கு வந்தது, எல்லாருக்கும் ஒரே பயத்தை விற்கக் கூடாது என்பது அதனால்தான்.

ஆகவே கவனிக்க வேண்டியது முழு ரத்தப் பரிசோதனை. ஆண்டுக்கு ஒருமுறை கிளினிக் கெசிஹாத்தானில் எடுத்தால் போதும், செலவும் சொற்பம். எம்சிவி 100-ஐத் தாண்டினாலோ, ஆர்டிடபிள்யூ 15-ஐத் தொட்டாலோ, ஹீமோகுளோபினோ தட்டணுவோ இறங்கிக்கொண்டே போனாலோ ரத்தவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அப்பா சுத்த சைவம் என்றால் முதலில் பி12 பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்தாலும் எம்சிவி ஏறும். இரும்புச்சத்துக் குறைந்தால் ஆர்டிடபிள்யூ ஏறும்.

மாரடைப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. மாறிய தண்டு செல்லிலிருந்து வரும் வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரின் கொழுப்புப் படிவுக்குள் புகுந்து அழற்சியைக் கூட்டுகின்றன. 2017-இல் வந்த ஆய்வில் இப்படிப்பட்டவர்களுக்கு இதயநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் ஜாக்2, டெட்2 போன்ற மரபணுக்களின் மாற்றத்தில்தான் தொடர்பு பலமாகத் தெரிகிறது, 10 விழுக்காட்டைத் தாண்டிய செல்கூட்டங்களில் இன்னும் அதிகம். அப்பாவின் 4 விழுக்காட்டைக் குறைக்க இன்று மருந்து இல்லை. அதே நகலின் இரண்டாம் பக்கத்தில் கெட்ட கொழுப்பு 4.3, ரத்த அழுத்தம் 152/88 என்று இருக்கிறதே, அதைச் சுற்றி யாரும் சிவப்புக் கட்டம் போடவில்லை. அவர் இதயத்தைக் காக்க இன்றே குறைக்கத் தொடங்கக்கூடிய எண்கள் அவை இரண்டும். இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். புகைக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள்.

உங்களுக்கு வருமா என்றால், இது பெற்றோரிடமிருந்து இறங்குவது இல்லை. பிறவியிலேயே வந்த மாற்றமாக இருந்தால் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அண்ணன் தம்பி எல்லாரும் போய்ச் சோதிக்க வேண்டியதில்லை.

அந்த அறிக்கையை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். பின்னாளில் அப்பாவுக்கு ரத்தத்தில் புற்றுநோய்த் தடயம் தேடும் சோதனை ஏதாவது செய்தால், இந்த டிஎன்எம்டி3ஏ மாற்றம் கட்டியிலிருந்து வந்தது போலத் தோன்றக்கூடும். ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவில் பெரும்பங்கு வெள்ளணுக்களிலிருந்துதான் வருகிறது. சோதிக்கும் முன்பே மருத்துவரிடம் இந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள்.