முழுப் பலாக்காய் ஒன்று, குசினியில் நாலு நாள்: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் பதினெட்டு வருடம் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்தவள் நான். இன்றைக்குக் காயைப் பற்றி மட்டும் கேளுங்கள். பழத்துக்கு வேறொரு நாள் வைப்போம்.

“அக்கா, ஊரிலிருந்து ஏழு கிலோக் காய் ஒன்று வந்திருக்கு. வீட்டில் மூன்று பேர்தான். எதை முதலில் சமைக்கிறது? பாதி வீணாய்ப் போகுமோ என்று பயம்.” – தெஹிவளை

வீணாகாது. எது முதலில் கெடும் என்று தெரிந்தால் போதும். சடை அன்றைக்கே கறுக்கும். சுளை பிறிஜ்ஜில் இரண்டு நாள் நிற்கும். கொட்டைக்கு அவசரமே இல்லை. அந்த வரிசையில்தான் சமைக்க வேண்டும்.

கத்தி, கை, பலகை மூன்றிலும் தேங்காய் எண்ணெய் பூசி, கீழே பேப்பர் விரித்துக் காயை நெடுக்காகப் பிளவுங்கள். வெட்டு முகத்தில் வரும் பாலைப் பேப்பரால் ஒற்றியெடுங்கள். தண்ணீர் படவே கூடாது. நடுத்தண்டை வெட்டி எறிந்துவிட்டுச் சுளையைக் கழற்றுங்கள். போன மாதம் இதே அளவுக் காயில் எனக்குச் சுளை இரண்டு கிலோ, கொட்டை முக்கால் கிலோ கிடைத்தது.

முதல் நாள் மத்தியானம், சுளைகளுக்கு இடையில் நாடா மாதிரி இருக்கும் சடையைப் பொடியாக அரிந்து, மஞ்சள், உப்புப் போட்டுப் பத்து நிமிடம் அவித்துப் பிழிந்துவிடுங்கள். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து அதில் பிரட்டி, கடைசியில் தேங்காய்ப்பூ போட்டால் சோற்றுக்கு நல்ல வறை. அன்றிரவு சுளையில் பாதியை வெறும் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் வைத்துச் சாப்பிடுங்கள். சோறு வேண்டாம். மற்றப் பாதியை இரண்டாம் நாள் பால்கறியாக வையுங்கள். பத்துப் பதினைந்து கொட்டையை நாலாக வெட்டிச் சட்டியின் அடியில் போட்டு, மேலே சுளையைப் போடுங்கள். கொட்டை வேகத்தான் நேரம் எடுக்கும். இரண்டாம் பாலில் வேகவிட்டு, இறக்கும்போது முதற்பால்.

மிச்சக் கொட்டை மூன்றாம், நாலாம் நாளுக்கு. அதைக் கீழே சொல்கிறேன்.

“கையில் பால் ஒட்டிவிட்டது. சவர்க்காரம் போட்டும் போகவில்லை.”

தேங்காய் எண்ணெய். பிறகுதான் சவர்க்காரம்.

“இரண்டு மணித்தியாலம் அடுப்பில் வைத்தும் சுளை மரக்கட்டை மாதிரி இருக்கு. காய் பழுதா? அம்மம்மாவின் பொலஸ் கறிக் கொப்பியைப் பார்த்து அப்படியே வைத்தேன்.” – பம்பலப்பிட்டி

காயில் பிழையில்லை, கொப்பியிலும் பிழையில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பொலஸ் என்பது பிஞ்சு. கொட்டை முற்றாத பருவம். அதற்குத் தொடக்கத்திலேயே கொறுக்காய் போடுவார்கள். ஏனென்றால் நெடுநேரம் சிறுதீயில் கிடக்கும்போது துண்டு கரையாமல் அந்தப் புளிதான் இறுக்கிப் பிடிக்கிறது. நீங்கள் வாங்கியது கொட்டை முற்றிய காய். அதற்கும் முதலிலேயே புளி போட்டால் அதே வேலையைத்தான் செய்யும், சுளை மசியாது. முதலில் தண்ணீரிலோ இரண்டாம் பாலிலோ வேகவிடுங்கள். விரலால் அழுத்தினால் நசியும் பதம் வந்தபிறகு புளி.

எந்தப் பருவம் என்று தெரியாவிட்டால் கொட்டையைப் பாருங்கள். வெள்ளையாய், நகம் இறங்கும் மென்மையாய் இருந்தால் பிஞ்சு. தவிட்டு நிறத் தோல் பிடித்திருந்தால் முற்றியது.

“பலாப்பழ ஐஸ்கிரீமுக்குச் சுளையை அவிக்க வேண்டுமா?”

மேலே முதல் பந்தியைப் படியுங்கள், தம்பி.

“வெளித்தோலையும் சமைக்கலாம் என்று சொல்கிறார்களே, உண்மையா?”

பாதி உண்மை. பச்சை முள்ளைத் தடிப்பாகச் சீவினால் உள்ளே வெள்ளையாய் ஒரு படை இருக்கும். அதில் நகத்தை ஊன்றிப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் சிறிதாக வெட்டி உப்புத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிழிந்து, சடை வறையோடு சேர்த்துவிடலாம். நகம் வழுக்கினால் விட்டுவிடுங்கள். எவ்வளவு அவித்தாலும் பஞ்சை மெல்லுகிற மாதிரித்தான் இருக்கும். நான் நாலு காய்க்கு ஒரு காயில்தான் தோலை எடுப்பேன். மற்றது ஆட்டுக்காரருக்கு. அவித்த தண்ணீரைச் சிங்கில் ஊற்றாதீர்கள், பால் குழாயில் பிடித்துக்கொள்ளும். இதற்காக ஒரு தடவை குழாய்க்காரரைக் கூப்பிட்டவள் நான்.

“எனக்குச் சீனி வருத்தம். சாப்பிடலாமா?”

அளவை உங்கள் டொக்டர்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காய்ச் சுளையும் கொட்டையும் மாப்பொருள். சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுகிற சாமான், சோற்றோடு மேலதிகமாக அல்ல.

“கத்தியெல்லாம் பிசின். என்ன செய்ய?”

எண்ணெய்!

“கொட்டையின் தவிட்டுத் தோலை உரிக்க வேண்டுமா? உரித்து உரித்து நகம் போய்விட்டது.” – மட்டக்குளி

வெளியில் இருக்கும் வெள்ளைக் கோதைக் கட்டாயம் எடுக்க வேண்டும். தவிட்டுத் தோலை அரைவாசி சுரண்டினால் போதும். இலேசான துவர்ப்பு வரும், அவ்வளவுதான்.

“தங்கச்சி, அந்தத் தோலில்தான் சத்து முழுக்க. சுரண்டவே கூடாது. நாங்கள் சின்ன வயதில் கொட்டையைப் பச்சையாகவே கடித்திருக்கிறோம்.” – கொட்டாஞ்சேனை மாமா

தோலைச் சுரண்டாமல் விடலாம், மாமா, அதில் சண்டை இல்லை. பச்சையாகச் சாப்பிடச் சொல்லாதீர்கள். செரிமானத்தைத் தடுக்கிற சாமான் பச்சைக் கொட்டையில் இருக்கிறது, வேகும்போதுதான் அது போகும்.

“கறி எல்லாம் சரி. கொட்டையைக் கறியில் போட்டு முடித்தால் கூழுக்கு என்ன செய்வீர்கள்? பிலாக்கொட்டை இல்லாமல் ஒடியல் கூழா?” – பருத்தித்துறை, இப்போது வெள்ளவத்தை

“கூழுக்கு நண்டும் இறாலும் இருந்தால் போதும். கொட்டை சும்மா நிரப்பத்தான்.” – கொட்டாஞ்சேனை மாமா

“நிரப்பவா? வாயில் கடிபட ஒன்று வேண்டாமா? மாமா கூழ் குடித்திருக்கிறாரா, கஞ்சி குடித்திருக்கிறாரா?” – பருத்தித்துறை, இப்போது வெள்ளவத்தை

இதில் நான் பருத்தித்துறைப் பக்கம். மாமாவைச் சமாதானப்படுத்த முடியாது, விட்டுவிடுவோம். கூழுக்கு இருபது கொட்டையை ஒதுக்கிவிட்டு, அரைக் கிலோவைக் கறுப்புக் கறியாக வையுங்கள். கொட்டையைக் கத்தி இறங்கும்வரை அவியுங்கள். அரைத் தேங்காய்ப்பூவும் ஒரு மேசைக்கரண்டி அரிசியும் வெறும் சட்டியில் சிறுதீயில் வறுங்கள். கையை எடுக்காமல் கிளற வேண்டும். முதலில் பொன்னிறம், பிறகு கோப்பித்தூள் நிறம். அந்த நேரம் எண்ணெய் மணம் எழும்பும், உடனே இறக்குங்கள். புகை கண்டால் கறி கைக்கும், திருத்த முடியாது. மிளகு, நற்சீரகம், உள்ளியோடு அரைத்து, இரண்டாம் பாலில் கரைத்து, கொட்டையைப் போட்டு வற்றவிடுங்கள். கொட்டை ஏற்கெனவே வெந்துவிட்டதால் கொறுக்காயை இப்போது போடலாம். அடுத்த நாள்தான் ருசி.

“அக்கா, பால் கையில் ஒட்டினால்…”

மூன்றாவது தடவை. மேலே பாருங்கள்.

“மணலில் புதைத்தால் கொட்டை மாதக்கணக்கில் இருக்கும் என்றார்கள். பல்கனியில் பூச்சட்டி மணலில் வைத்தேன். மூன்று கிழமையில் முளைத்துவிட்டது.” – கிருலப்பனை

மழைச் சாரல் பட்டிருக்கும். கழுவாத கொட்டையை நிழலில் ஒரு நாள் உலரவிட்டு, உலர்ந்த மணலில், வீட்டுக்குள்ளே வைக்க வேண்டும். ஈரம் கண்டால் பலாக்கொட்டை முளைக்கத்தான் பார்க்கும். முளைத்ததில் ஒன்றை ஊரில் யாருக்காவது நடக் கொடுங்கள். ஆனால் இடத்தைப் பார்த்து நடச் சொல்லுங்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா மரத்தை வெட்ட அனுமதி எடுக்க வேண்டும். பிறகு கூரைக்கு மேல் காய் விழுகிறது என்று என்னிடம் வரக்கூடாது.