கோ பலகை விளையாட்டு கேள்வி-பதில்: வெற்று முக்கோணம், புலிவாய், வெட்டுப்புள்ளி

மூன்று கல்லை ‘ட’ மாதிரி ஒட்டி வைத்தால் பிழை என்கிறார்கள். கற்கள் சேர்ந்துதானே இருக்கின்றன? (மாங்குளம்)

சேர்ந்திருப்பது பிழையில்லை, ஒரு கல் வீணாவதுதான் பிழை. நடுப்பலகையில் மூன்று கல்லை நேர்கோட்டில் வைத்தால் அவற்றை ஒட்டி 8 வெற்றுப் புள்ளிகள், அதாவது 8 மூச்சு இருக்கும். வெற்று முக்கோணம் எனப்படும் இந்த ‘ட’ வடிவில் 7 தான். மடிப்புக்குள் உள்ள புள்ளியை இரண்டு கற்கள் பங்குபோடுகின்றன. அதைவிட, மூலைக்கல் இல்லாமலே மற்ற இரண்டும் பிரிக்க முடியாதவை: எதிராளி ஒரு பக்கம் வைத்தால் நீங்கள் மறுபக்கம் வைப்பீர்கள். மடிப்புக்குள் எதிராளியின் கல் இருந்தால் கதை வேறு. அது வெற்று முக்கோணம் அல்ல, தேவையான இணைப்பு.

வெட்டுப்புள்ளியை நேரே அடைப்பதா, புலிவாய் வைப்பதா? எப்போதும் குழப்பம். (புதுக்குடியிருப்பு)

இந்த நிலையைப் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பு உங்களுடையது.

```
  C D E F G
6 . . . . .
5 . ○ ● . .
4 . ● . . .
3 . . . . .
```

வெட்டுப்புள்ளி E4. வெள்ளை அங்கே வைத்தால் உங்கள் இரண்டு கல்லும் பிரியும். நீங்களே E4 வைத்தால் அசைக்க முடியாத இணைப்பு, ஆனால் எந்தப் பக்கமும் நகர்ந்ததாக இராது. F4 வைத்தால் புலிவாய்: வெள்ளை E4 க்குள் நுழைந்தால் அதற்கு E3 என்ற ஒரே மூச்சுத்தான் மிஞ்சும். நீங்கள் E3 வைத்து அதை எடுத்துவிடலாம். வெட்டும் அடைபட்டது, வலப்பக்கமும் ஒரு கல் முன்னேறிவிட்டது.

இதன் பலவீனம் E3. வெள்ளை அங்கே எட்டிப்பார்த்தால் அடுத்தது E4 இல் வெட்டு. அந்த வெட்டு விழுந்தால் E5, F4 இரண்டுக்கும் இடையில் F5 உம் புது வெட்டுப்புள்ளியாகிவிடும். ஆகவே நீங்கள் உடனே E4 அடைக்க வேண்டும். அடைத்ததும் E5, E4, F4 மூன்றும் F5 ஐச் சுற்றிய வெற்று முக்கோணமாகிவிடும். வெள்ளைக்கோ E3 இல் இலவசக் கல்.

எனவே புலிவாய் வைக்கமுன் எட்டிப்பார்க்கும் புள்ளியைப் பாருங்கள். கீழ்ப்பக்கம் உங்களுக்குப் பலமென்றால் E3 கல் வெள்ளைக்குச் சுமை, F4 நல்லது. கீழே வெள்ளை பலமாக இருந்தால் வாயை மறுபக்கம் திறந்து E3 இல் வையுங்கள். அப்போது எட்டிப்பார்க்கும் புள்ளி F4. இரண்டு பக்கமும் வெள்ளை பலமென்றால் E4 தான். பலர் இதை அழகில்லை என்று தவிர்க்கிறார்கள். வெட்டுப்பட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கொப்பித் தாளில் 9x9 கீறி விளையாடுகிறோம். வெற்று முக்கோணம் வைக்கவே கூடாதா? (வவுனியா)

வைக்கலாம். எதிராளியின் கூட்டத்தைப் பிடிப்பதற்கோ வெட்டுவதற்கோ அந்த ஒரு புள்ளிதான் வழியென்றால் தயங்க வேண்டாம். சிறிய பலகையில் கூட்டங்கள் நெருங்கி மோதுவதால் அப்படியான இடங்கள் அடிக்கடி வரும். வைக்கமுன் இரு பக்க மூச்சையும் எண்ணுங்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பிடிக்க ஓடும்போது, முறை உங்களுடையது, இரண்டும் பங்குபோடும் பொது மூச்சோ, கூட்டம் உள்ளே சூழ்ந்து வைத்திருக்கும் வெற்றுப் புள்ளியான கண்ணோ இல்லை என்றால், மூச்சு சமமாக இருந்தாலே நீங்கள் முந்துவீர்கள். முக்கோணம் வைத்து ஒரு மூச்சுக்கூடக் கூடவில்லை, எதிராளிக்கும் குறையவில்லை என்றால் அந்தக் கல்லை வேறெங்காவது வையுங்கள்.