பெட்டியும் கீலும் ஒரே கண்டெய்னரில்: இறக்குமதி அடக்க விலை, கேள்வி பதில்

பிளாஸ்டிக் கடை, சென்னை: நிங்போவிலிருந்து ஒரே கண்டெய்னரில் பிளாஸ்டிக் பெட்டி 2,000, இரும்புக் கீல் 10,000 இறக்கினேன். இரண்டும் தலா 3 லட்சம் ரூபாய். கப்பல் கட்டணம் 1,20,000. சரிபாதியாகப் போட்டுக்கொண்டேன். பெட்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை. ஏன்?

பேக்கிங் லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். மொத்தக் கன மீட்டர் எவ்வளவு, அதில் பெட்டி எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். உங்கள் அளவு தெரியாததால் நானே ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறேன்: மொத்தம் 24 கன மீட்டர், பெட்டி 21, கீல் 3.

மதிப்புப்படி, அதாவது இங்கே சரிபாதியாகப் பிரித்தால் பெட்டிக்கு 60,000, அதாவது ஒன்றுக்கு 30 ரூபாய். 150 ரூபாய்ப் பெட்டி 180 ஆகிறது. கீலுக்கு 6 ரூபாய் ஏறி 36. இப்போது இடத்தை வைத்துப் பிரியுங்கள். ஒரு கன மீட்டருக்கு 5,000 ரூபாய். பெட்டிக்கு 1,05,000 போய் ஒன்றுக்கு 52.50 ஏறுகிறது, அடக்கம் 202.50. கீலுக்கு 15,000 மட்டும், அடக்கம் 31.50. வரி இன்னும் சேர்க்கவில்லை.

நீங்கள் பெட்டியை 195-க்கு விற்றிருந்தால், ஏட்டில் 15 ரூபாய் லாபம், உண்மையில் 7.50 நஷ்டம். கீலில் வரும் லாபம்தான் பெட்டியின் நஷ்டத்தை மூடிக்கொண்டிருக்கிறது. பெட்டி எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாகக் காசு கரையும்.

எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்: சரக்கு இறங்கியதும் பேக்கிங் லிஸ்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரியோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள்.

புதுக் கணக்கர்: ஐஜிஎஸ்டியையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டுமா?

உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடிந்தால் சேர்க்கக் கூடாது. அடிப்படைச் சுங்க வரியும் அதன்மேல் வரும் சமூக நல சர்சார்ஜும் திரும்பி வராது, அவை அடக்கத்தில் போகும்.

சுங்க வேலை செய்பவன்: சுங்கத்திலேயே கப்பல் கட்டணத்தைச் சரக்கு மதிப்புப்படிதான் ஒவ்வொரு பொருளுக்கும் பிரிக்கிறார்கள். அரசே அப்படிச் செய்யும்போது கன மீட்டர் கணக்கு எதற்கு?

பிரிப்பது உண்மைதான். ஆனால் அது வரி போடுவதற்கான மதிப்பைக் கண்டுபிடிக்க. கட்டணமோ காப்பீடோ எவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால், கப்பலில் ஏற்றும் வரையான எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதத்தைக் கட்டணமாகவும், 1.125 சதவீதத்தைக் காப்பீடாகவும் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் யாருக்கும் அந்தத் தொகையைக் கொடுக்கவில்லையே! அதையே ஏட்டில் ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். இருப்பின் மதிப்பு வீங்கிப் போகிறது.

பில் ஆஃப் என்ட்ரியிலிருந்து எடுக்க வேண்டியது கட்டிய வரி மட்டும். அதையும் மொத்தமாக்கிப் பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு வரி என்று அதிலேயே தனித்தனியாக இருக்கிறது. பெட்டிக்கும் கீலுக்கும் வரி விகிதம் வேறாக இருந்தால், கூட்டிப் பிரிக்கும்போது ஒன்றின் வரியை மற்றது சுமக்கும். காப்பீடு வேறு விஷயம்: பிரீமியமே மதிப்பின் மேல் போடுவதால் மதிப்புப்படி பிரிப்பதுதான் சரி.

தணிக்கையாளர்: இருப்பு மதிப்புக்கான கணக்கியல் தரநிலை ஏஎஸ் 2 எந்த அடிப்படையில் பிரிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மதிப்புப்படி பிரித்து, வருடா வருடம் அதையே பின்பற்றினால் நான் கையெழுத்துப் போடுவேன். நூறு பொருள் இறக்குபவர் ஒவ்வொன்றையும் அளந்துகொண்டிருக்க முடியுமா?

உங்கள் கையெழுத்துக்கு அது போதும், ஒத்துக்கொள்கிறேன். சரக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி என்றால் நானும் மதிப்புப்படியே விட்டுவிடுவேன். ஆனால் இவர் விற்பனை விலை வைக்கப் போகிறார். பஞ்சு மாதிரி ஒன்று, இரும்பு மாதிரி ஒன்று சேர்ந்து வரும்போது மதிப்பு வழி ஏமாற்றும். அளக்கவும் வேண்டாம், அட்டைப்பெட்டி அளவு லிஸ்ட்டில் இருக்கிறது.

ஈரோடு ஹார்ட்வேர்: பெட்டி மட்டும் ஏற்றினாலும் கண்டெய்னருக்கு அதே 1,20,000தான். காலி இடம் வீணாகாமல் கீலைச் செருகினேன் என்றால் கீலுக்குக் கட்டணம் பூஜ்யம்தானே? 15,000 கூட அநியாயம்.

கீலை ஏற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது உங்கள் கணக்கு சரி. அந்த நேரத்தில் அதற்குக் கூடுதல் செலவில்லை. இருப்பு மதிப்பில் பூஜ்யம் போட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை கீலுக்கென்றே தனியாக ஆர்டர் போடுவீர்கள், அப்போது அடக்கம் திடீரென்று ஏறும், வாடிக்கையாளரிடம் என்ன சொல்வீர்கள்?

ஈரோடு ஹார்ட்வேர்: அடுத்த முறை அடுத்த முறைதான். இந்த லோடுக்கு ஆன செலவைத்தானே கேட்கிறேன்?

தணிக்கையாளர்: இரண்டும் சேர்ந்து வந்ததால் ஆன செலவு இரண்டுக்கும் பொது. பூஜ்யத்தை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் கன மீட்டருக்கு 5,000 என்பதும் வேதவாக்கு இல்லை.

வேதவாக்கு இல்லைதான். கண்டெய்னர் எடையால் நிரம்பியிருந்தால் கன மீட்டரை விட்டு எடையை எடுப்பேன். எது முதலில் தீர்ந்தது, இடமா எடையா, அதுதான் அடிப்படை. ஈரோட்டுக்காரருக்கு இன்னும் மனம் ஆறாது என்று தெரியும்.

டைல்ஸ் வியாபாரி: எங்கள் கண்டெய்னர் பாதி காலியாகத்தான் வரும். அப்போது?

இப்போது சொன்னதுதான். டைல்ஸில் எடை வரம்பு முதலில் முட்டும், எடைப்படி பிரியுங்கள்.

இஆர்பிநெக்ஸ்ட் பயனர்: `Landed Cost Voucher`-இல் `Distribute Charges Based On` என்ற இடத்தில் `Qty` தேர்ந்தெடுத்தால் போதாதா?

எண்ணிக்கைப்படி போனால் 12,000 உருப்படிக்கு ஆளுக்கு 10 ரூபாய். 30 ரூபாய்க் கீல் 40 ஆகிவிடும். `Distribute Manually` வைத்து, கன மீட்டரைக் கொண்டு நீங்கள் கணக்கிட்ட தொகையை எழுதுங்கள்.

கொத்தவால் சாவடி: ஐஜிஎஸ்டி அடக்கத்தில் வருமா?

மேலே பதில் இருக்கிறது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் என்றால் வரும், ஏனென்றால் உங்களால் திரும்ப எடுக்க முடியாது.

மருந்து இறக்குமதி: என் பொருளுக்கு எந்த ஹெச்எஸ்என்?

கிளியரிங் ஏஜென்டிடம் கேளுங்கள். இங்கே வேண்டாம்.

கிடங்கு பொறுப்பாளர்: ஃபார்வர்டரின் துறைமுகச் செலவு பில் 40,000 ரூபாய்க்கு ஒன்றரை மாதம் கழித்து வந்தது. அதற்குள் பாதிக்கு மேல் விற்றாயிற்று.

இது எனக்கும் நடந்திருக்கிறது. வந்த பில்லை அப்படியே கையிருப்பின் தலையில் ஏற்றிவிட்டோம். மீதிச் சரக்கின் அடக்கம் விலையையே தாண்டிப் போனது, அதைப் பார்த்துத்தான் தவறு தெரிந்தது.

மேலே சொன்ன லோடு என்றே வைத்துக்கொள்வோம். 40,000-இல் பெட்டியின் பங்கு எட்டில் ஏழு, 35,000. ஒரு பெட்டிக்கு 17.50. 1,200 விற்றாயிற்று என்றால் 21,000 விற்ற சரக்கின் செலவுக்குப் போகும், மீதி 800 பெட்டியின் 14,000 மட்டும் இருப்பில் சேரும். கீலின் 5,000-ஐயும் இதே போல் பிரியுங்கள்.

அந்த பில்லில் டிடென்ஷன், டெமரேஜ் என்று ஏதாவது இருந்தால் முதலில் அதைக் கழித்துவிடுங்கள். காகிதம் தாமதமானதால் வந்த அபராதம் சரக்கின் அடக்கம் ஆகாது, நேராகச் செலவு. ஏஜென்டுகள் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதுவார்கள், பிரித்துக் கேளுங்கள்.

திருப்பூர் நூல்: ஐஜிஎஸ்டி...

இரண்டு முறை சொல்லிவிட்டேன், மேலே படியுங்கள்.

பிளாஸ்டிக் கடை, சென்னை: லிஸ்ட் கிடைத்தது. பெட்டி 20.6 கன மீட்டர். அப்போ விலையை 215 வைக்கலாமா?

பில் ஆஃப் என்ட்ரியில் பெட்டிக்கென்று தனியாக உள்ள சுங்க வரியை எடுத்துச் சேர்த்தீர்களா? துறைமுகச் செலவு, கிடங்குக்கு லாரி வாடகை இரண்டும் சேர்ந்ததா? அவை இல்லாமலே ஏறக்குறைய 200 ஆகிவிட்டது. பில்களை முதலில் கையில் வாங்குங்கள், 215 நிற்குமா என்று அப்புறம் பார்ப்போம்.