விடிவிளக்கு வேண்டாம், கொப்பியைச் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் கணித டீச்சர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பழைய மாணவர்கள் சேர்ந்து, இன்ஸ்டகிராமிலும் முகநூலிலும் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிற அட்டைத் தொடர் ஒன்று செய்கிறோம். முப்பது பேருக்கு மேல் எழுதி அனுப்பிவிட்டார்கள், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. சிலவற்றை இத்துடன் அனுப்புகிறேன். எவற்றைத் தெரிவது? பின்னணிக்கு என்ன நிறம் நல்லது?
— ஒரு வாசகி, புதுக்குடியிருப்பு

அன்புள்ள தங்கச்சி,

நிறத்தைப் பற்றி யோசித்துக் காலத்தைக் கழிக்காதீர்கள். வெளிறிய பின்னணியில் கறுப்பு எழுத்து போதும்.

நீங்கள் அனுப்பிய குறிப்புகளைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "விடிவிளக்கு", "தாயினும் மேலானவர்", "ஏணி", "கலங்கரை விளக்கம்" என்று வரிக்கு வரி அடைமொழிகள் நிற்கின்றன. டீச்சரை மட்டும் எங்கும் காணவில்லை. பெயரை எடுத்துவிட்டால் இவற்றை இலங்கையின் எந்த ஆசிரியருக்கும் ஒட்டலாம். மணிவிழா மலர்களில் வாழ்த்துச் செய்தி எழுதிப் பழகிய கை, அட்டையிலும் அதையே எழுதுகிறது. எழுதிய பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் நீங்கள் "டீச்சரைப் பற்றி எழுதுங்கள்" என்று கேட்டிருப்பீர்கள், அப்படிக் கேட்டால் புகழ்மொழிதான் வரும். எந்த ஆண்டு, எந்த இடம், அன்று அவர் உங்களுக்குச் செய்த ஒன்று என்ன, அப்போது என்ன சொன்னார் என்று கேளுங்கள்.

எங்கள் டீச்சரின் சேவைநயப்பு விழாவுக்கு இதே வேலையைச் செய்தபோது, என்னோடு படித்த ஒருவன் "ஏழை மாணவரின் கற்பகதரு" என்று நான்கு வரி அனுப்பியிருந்தான். நான் அவனைத் தொலைபேசியில் அழைத்து, "அவா உனக்கு என்னடா தந்தவா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான். 1996 இல் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு மல்லாவியில் பின்னேர வகுப்பில் படித்த காலம் அது. கொப்பி வாங்க அவர்கள் வீட்டில் வழியில்லை. டீச்சர் பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கங்களைச் சேர்த்து, சாக்குத் தைக்கிற ஊசியால் நூல் கோர்த்துக் கட்டிக் கொடுத்தாராம். கேத்திரகணிதப் படம் கீறும்போதெல்லாம் மறுபக்கத்து வினாக்கள் தலைகீழாகத் தெரியுமாம். "முன்னுக்கு என்ரை பேரை அவாவே எழுதினவா" என்றான்.

அட்டையில் நாங்கள் இட்டது இவ்வளவுதான்: "1997, மல்லாவி. என்னட்டைக் கொப்பி இல்லை. டீச்சர் பழைய சோதனைத் தாளின்ரை பின்பக்கத்தைத் தைச்சுத் தந்தவா. முன்னுக்கு என்ரை பேரை அவாவே எழுதினவா." கற்பகதரு போய்விட்டது, நன்றி போய்விட்டது, தலைகீழ் வினாக்களைக்கூட மனமில்லாமல் எடுத்தேன். கைபேசித் திரையில் இருபது சொற்களுக்கு மேல் போனால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டி வரும், சிறிதானால் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். ஆனால் அவனுடைய "தந்தவா", "எழுதினவா" என்பவற்றை "தந்தார்", "எழுதினார்" என்று திருத்தச் சொன்ன நண்பரோடு நான் சண்டையே பிடித்தேன். அந்தப் பேச்சைத் திருத்தினால் அது எங்கள் ஊர்ப் பிள்ளையின் குரலாக இராது. குறிப்பைச் சுருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் சொல்லாத ஒரு சொல்லைச் சேர்க்க உரிமை இல்லை. சுருக்கியதை அவர்களுக்கே திருப்பி அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள், வறுமையைச் சொல்லும் அட்டைகளுக்கு இது கட்டாயம்.

இன்ஸ்டகிராம் ஒரு பதிவில் 20 படங்கள் வரை விடுகிறது என்பதற்காக இருபதையும் நிரப்பாதீர்கள். பத்துப் பன்னிரண்டு போதும். மீதியை முகநூலில் தனித் தொகுப்பாக இடுங்கள். ஒரே ஆண்டுக்காரரே நிறைந்துவிடாமல், இடம்பெயர்வுக்கு முன்னும், கொட்டிலில் படித்த காலத்திலும், மீள்குடியேறிய பின்னும் படித்தவர்களைக் கலந்து வையுங்கள். வன்னியில் 2009 இல் படங்களைத் தொலைக்காத வீடு குறைவு. படம் இல்லாதவருக்கு இணையத்தில் எடுத்த கரும்பலகைப் படத்தை ஒட்டாமல், எழுத்தை மட்டும் இடுங்கள். இன்று உயிரோடில்லாத மாணவரின் பெயர் ஒரு நினைவில் வந்தால், அவர் வீட்டாரிடம் கேட்காமல் வெளியிடாதீர்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வந்த குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபின் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அட்டையில் ஆங்கில எழுத்துகள்தான் சிதறிக் கிடக்கும். மாற்றிய பிறகும் கொம்பும் காலும் தம் எழுத்தோடு நிற்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அட்டையை 1080 × 1350 பிக்சல் அளவில் செய்தால் டீச்சருக்கு அச்சிட்டும் கொடுக்கலாம். கைபேசியில் தள்ளிப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம் அல்லவா? அந்த அளவு, தாளில் ஏறக்குறைய 9 சென்டிமீற்றர் அகலமும் 11 சென்டிமீற்றர் உயரமுமாகத் தெளிவாக வரும். அதைவிட அதிகம் பெரிதாக்கினால் எழுத்தின் ஓரங்கள் மங்கும்.