1/(1+x²): எண்கோட்டில் காணாத தடை

அன்புள்ள ஐயா,

நான் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 1/(1−x)-இன் டெய்லர் தொடர் x = 1-ஐத் தாண்டாது என்றால் புரிகிறது; அங்கே பகுதி பூஜ்யமாகிவிடுகிறது. ஆனால் 1/(1+x²) எண்கோட்டில் எங்குமே வெடிப்பதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் வகையிடலாம். அப்படியும் 0-ஐச் சுற்றி எழுதிய தொடர் 1-க்கு அப்பால் வேலை செய்யவில்லை. வகுப்பில் கேட்டால் "i-இல் துருவம் இருக்கிறது" என்கிறார்கள். நான் மெய்யெண்களை மட்டும் போட்டுப் பார்க்கும்போது i எதற்கு நடுவில் வருகிறது? இதே தொடரைத் தொகையிட்டு x = 1 போட்டால் மட்டும் π/4 சரியாக வருகிறதே, அது எப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வகுப்பில் சொன்னது சரிதான். ஆனால் அது முடிவை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. நான் படித்தபோதும் அந்த ஒரு வரிதான் கிடைத்தது. பல வருடங்கள் அது நெருடிக்கொண்டே இருந்தது. ஆகவே i-ஐ இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுவோம். மெய்யெண்களை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்ப்போம்.

முதலில் அந்த வழவழப்பு. 1/(1+x²)-இன் வரைபடத்தையும் e^(−x²)-இன் வரைபடத்தையும் 0-க்குப் பக்கத்தில் அடுத்தடுத்து வரைந்து பாருங்கள். இரண்டும் மணி கவிழ்த்தது போல இருக்கும். இரண்டும் உச்சியில் 1, இரண்டும் 1 − x² என்றே தொடங்குகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவு வழவழப்புதான். ஆனால் 0-இல் பத்தாவது வகைக்கெழுவைக் கணக்கிட்டால் e^(−x²)-க்கு −30,240 வருகிறது. நம்முடைய சார்புக்கு −36,28,800, அதாவது −10!. இருபதாவது வகைக்கெழு 20! ஆகிவிடும். டெய்லர் தொடருக்கு எல்லா வகைக்கெழுக்களும் இருந்தால் மட்டும் போதாது. அவை எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைப் பொறுத்தே தொடர் எவ்வளவு தூரம் போகும் என்பது முடிவாகிறது. கெழுவைப் பெற வகைக்கெழுவை n!-ஆல் வகுக்கிறோம். e^(−x²)-இல் அந்த வகுத்தல் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. நம் சார்பில் மேலேயும் n!, கீழேயும் n!. அதனால் கெழுக்கள் +1, −1 என்றே நிற்கின்றன, சிறிதாவதே இல்லை. x = 0.9 என்று போட்டு x²⁰ வரை கூட்டினால் 0.607 வரும், உண்மையான மதிப்பு 0.552. இன்னும் கூட்டிக்கொண்டே போனால் நெருங்கிவிடும். x = 1.1 போட்டு அதே x²⁰ வரை கூட்டினால் 4.14 வரும், உண்மையான மதிப்பு 0.452. கூட்டக் கூட்ட மோசமாகும்.

சரி, தொடர் 1-இல் நின்றுவிடுகிறது. ஆனால் நின்ற இடத்தில் ஏதாவது கோளாறு இருக்கிறதா? இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மையத்தை 0-இலிருந்து 1-க்கு நகர்த்துங்கள். x = 1 + h என்று வைத்தால் 1 + x² என்பது 2 + 2h + h² ஆகிறது. நமக்கு வேண்டிய தொடர் c₀ + c₁h + c₂h² + … என்றால், இரண்டையும் பெருக்கினால் 1 வரவேண்டும். h-இன் ஒவ்வொரு அடுக்கையும் ஒப்பிட்டால் கிடைப்பது இவ்வளவுதான்:

```
2·c(n) + 2·c(n−1) + c(n−2) = 0
```

c₀ = 1/2, c₁ = −1/2 என்று தொடங்கிக் கையாலேயே போட்டுவிடலாம். வரிசையாக 1/2, −1/2, 1/4, 0, −1/8, 1/8, −1/16, 0, 1/32 என்று வரும். நான்கு நான்காகப் பிரித்துப் பாருங்கள். முதல் நான்கை −1/4-ஆல் பெருக்கினால் அடுத்த நான்கு. அவற்றை மறுபடி −1/4-ஆல் பெருக்கினால் அதற்கடுத்த நான்கு. அப்படியானால் முழுத் தொடரும் −h⁴/4 என்ற விகிதம் கொண்ட ஒரு பெருக்குத் தொடர். h⁴ நான்கைவிடக் குறைவாக இருக்கும்வரை ஒருங்கும். அதாவது h-இன் அளவு √2-க்குள் இருக்கவேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். இந்தப் புதிய தொடர் வலது பக்கம் 1 + √2 வரை, கிட்டத்தட்ட 2.414 வரை போகிறது. பழைய தொடர் முட்டி நின்ற 1 இப்போது நட்டநடுவில் இருக்கிறது. இடது பக்கம் 1 − √2, அதாவது சுமார் −0.414-இல் நின்றுவிடுகிறது. ஆனால் −0.414 என்பது பழைய தொடர் நன்றாக வேலை செய்த இடம்! எண்கோட்டின் ஒரு புள்ளியில் கோளாறு இருந்தால், நீங்கள் எந்த மையத்திலிருந்து கிளம்பினாலும் அந்த ஒரே புள்ளியில்தான் முட்டவேண்டும். 1/(1−x)-இல் அப்படித்தான் நடக்கிறது: மையம் எதுவானாலும் தடை 1-இல்தான். இங்கே மையம் நகர்ந்தால் தடையும் நகர்ந்துவிடுகிறது. ஆக, தடை எண்கோட்டின் மேல் இல்லை என்பதை மெய்யெண் கணக்கே நமக்குச் சொல்லிவிட்டது.

பிறகு எங்கே இருக்கிறது? மையம் 0 என்றால் ஆரம் 1, மையம் 1 என்றால் ஆரம் √2. பொதுவாக மையம் a என்றால் மேலே செய்த பெருக்கல் இப்படி ஆகும்:

```
(1+a²)·c(n) + 2a·c(n−1) + c(n−2) = 0
```

இத்தகைய தொடர்பில் கெழுக்கள் எந்த வேகத்தில் சுருங்கும் என்பதை (1+a²)t² + 2at + 1 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் தீர்மானிக்கின்றன. அதன் தன்மைக்காட்டி 4a² − 4(1+a²). a எதுவாக இருந்தாலும் இது −4-தான். நாம் i-ஐக் கூப்பிடவே இல்லை. மெய்யெண் கெழுக்களின் வேகத்தைக் கேட்டோம், அதுவே வந்து நிற்கிறது. இரண்டு மூலங்களின் பெருக்குத்தொகை 1/(1+a²). இரண்டும் ஒன்றுக்கொன்று இணை என்பதால் ஒவ்வொன்றின் அளவும் 1/√(1+a²). அதனால் ஆரம் √(1+a²).

இது நமக்குப் பழக்கமான பிதாகரஸ்தான். தாளில் எண்கோட்டை வரைந்து, மையம் 0-இல் ஆரம் 1, மையம் 3/4-இல் ஆரம் 5/4, மையம் 1-இல் ஆரம் √2 என்று காம்பஸால் மூன்று வட்டங்கள் போடுங்கள். மூன்றும் கோட்டுக்கு ஒரு அலகு மேலே ஒரு புள்ளியிலும், ஒரு அலகு கீழே ஒரு புள்ளியிலும் சந்திக்கும். கரையில் இரண்டு மூன்று இடங்களிலிருந்து தூரத்தை அளந்து, நீருக்கடியில் இருக்கும் பாறையின் இடத்தைக் குறிப்பது போன்ற வேலை இது. அந்தப் புள்ளிகளுக்குத்தான் i, −i என்று பெயர். இந்தப் படத்தை வரைந்த அன்றுதான் எனக்கு இந்த விஷயம் உண்மையிலேயே விளங்கியது.

இனி உங்கள் கேள்வியின் மையம். i-இல் இருக்கும் கோளாறு 1.1-இல் செய்யும் கணக்கை ஏன் கெடுக்கவேண்டும்? அடுக்குத் தொடர் ஒருங்குகிறதா என்பதில் திசைக்கு இடமே இல்லை. உறுப்பின் அளவுதான் எல்லாம். 0-ஐச் சுற்றிய தொடர் x = 1.1-இல் ஒருங்குவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதன் உறுப்புகள் எல்லாம் ஏதோ ஒரு எல்லைக்குள் அடங்கவேண்டும். அந்த எல்லை M என்றால், cₙ-இன் அளவு M/1.1ⁿ-ஐத் தாண்டாது. இப்போது x-க்குப் பதில் அளவு 1 உள்ள எந்த எண்ணைப் போட்டாலும், அது 1 ஆகட்டும், −1 ஆகட்டும், i ஆகட்டும், உறுப்பின் அளவு அதே M/1.1ⁿ-க்குள் இருக்கும். அது குறைந்துகொண்டே போகும் பெருக்குத் தொடர். ஆகவே i-இலும் தொடர் ஒருங்கியே தீரும், ஒரு முடிவான கூட்டுத்தொகை S கிடைக்கும். ஆனால் தொடரை 1 + x²-ஆல் பெருக்கினால் 1 வரவேண்டும் என்பது கெழுக்களுக்கு இடையிலான உறவு. i-ஐப் போட்டாலும் அது மாறாது. i-இல் 1 + x² பூஜ்யம். 0 × S = 1 என்று வந்துவிடுகிறது. அது நடக்காது. எனவே 1.1-இல் தொடர் ஒருங்க முடியாது. 1.1-க்குப் பதில் 1.0001 என்று வைத்தாலும் இதே வாதம்தான்.

நேரடியாகவும் பார்க்கலாம். 1 − x² + x⁴ − x⁶ + … என்பதில் i-ஐப் போட்டால் 1 + 1 + 1 + 1 + … ஆகிறது. எண்கோட்டில் மாறி மாறி வரும் குறிகள் ஒன்றையொன்று கழித்து மறைத்துக்கொண்டிருந்த பெருக்கம், i-இன் திசையில் அப்படியே வெளியே தெரிகிறது. நீங்கள் மெய்யெண் மட்டும் போட்டாலும் கெழுக்கள் அதே கெழுக்கள்தானே.

மறுபக்கம் ஒன்று பாக்கி: தடைக்கு முன்னாலேயே தொடர் நின்றுவிடாது என்பதற்கு என்ன உறுதி? இந்தச் சார்புக்குப் பெருக்குத் தொடர் கணக்கே போதும். பொதுவாக, கலப்பெண் தளத்தில் மிக அருகிலுள்ள கோளாறு வரைக்கும் டெய்லர் தொடர் போகும் என்பதை 1831-இல் கோஷி நிறுவினார். ஆனால் ஒரு எச்சரிக்கை. "தொடர் ஒருங்குகிறது" என்பதும் "அதே சார்புக்கு ஒருங்குகிறது" என்பதும் ஒன்றல்ல. e^(−1/x²) என்ற சார்பை 0-இல் 0 என்று வரையறுத்தால், அங்கே அதன் எல்லா வகைக்கெழுக்களும் 0. தொடர் எங்கும் ஒருங்கும். ஆனால் வெறும் 0 என்றுதான் சொல்லும். அங்கேயும் i-இன் திசையில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். x-க்குப் பதில் iy போட்டால் அது e^(1/y²) ஆகிறது. y பூஜ்யத்தை நெருங்கும்போது வெடிக்கிறது.

அப்புறம் உங்கள் π/4. 1/(1+x²)-இன் தொடரில் x = 1 போட்டால் 1 − 1 + 1 − 1 + … என்று தள்ளாடுமே தவிர எங்கும் போய்ச் சேராது. தொகையிடும்போது xⁿ-இன் உறுப்பு n+1-ஆல் வகுபடுகிறது. ஆரம் மாறாது, ஆனால் வட்டத்தின் விளிம்பில் நிலைமை கொஞ்சம் தணிகிறது. 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்பதில் உறுப்புகள் சிறிதாகிக்கொண்டே குறி மாறி வருவதால் அது ஒருங்குகிறது. ஆனால் மிக மெதுவாக: ஆயிரம் உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினாலும் π-இல் 0.001 அளவுக்குப் பிழை இருக்கும். விளிம்பில் நிற்பதற்கு அதுதான் விலை. 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்துச் சங்கமகிராம மாதவன் மரபில் இந்தத் தொடர் தெரிந்திருந்தது. அவர்கள் விளிம்பை விட்டு உள்ளே வந்து x = 1/√3 என்றும் எடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு உறுப்பும் முந்தியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 21 உறுப்புகளிலேயே π பதினொரு தசம இடங்களுக்குச் சரியாக வந்துவிடுகிறது.

அதே தொகையிட்ட தொடர் x − x³/3 + x⁵/5 − …, அதே வட்டத்தின் விளிம்பு; 1-க்குப் பதில் i-ஐப் போட்டுப் பாருங்கள். i(1 + 1/3 + 1/5 + 1/7 + …) என்று வரும். அது எந்த எல்லைக்குள்ளும் அடங்காது.