பாதிக் கடனுக்கு வட்டி போட்டுப் பாருங்கள்

கேள்வி: பழைய கார் வாங்க 3 லட்சம் கடன் கேட்டிருக்கிறேன். 12% வட்டி, 36 மாதம், மாதத் தவணை 11,333 ரூபாய் என்று ஏஜென்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். சரியா என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை.

பதில்: அவர் கால்குலேட்டரை உங்களிடமே நீட்டியிருப்பாரே! பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எந்தத் தொகைக்கு வட்டி போட்டார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் மாதம் உங்கள் கடன் 3 லட்சம். கடைசி மாதம் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அப்படியென்றால் மூன்று வருடமும் சராசரியாக உங்கள் கையில் இருப்பது ஒன்றரை லட்சம்தான். அதற்கு 12% என்றால் வருடம் 18,000, மூன்று வருடத்துக்கு 54,000. ஆரம்பத்தில் அசல் மெதுவாகக் குறைவதால் இன்னும் கொஞ்சம் கூடும். துல்லியமாகப் போட்டால் சுமார் 58,700 வரும், தவணை 9,964.

இப்போது அவர் கணக்கு. 11,333 வீதம் 36 மாதம் கட்டினால் 4 லட்சத்து 8 ஆயிரம். வட்டி மட்டும் 1,08,000! நம் உத்தேசத்துக்கு இரண்டு மடங்கு. இப்படி இரட்டிப்பாக வந்தாலே 'ஃபிளாட்' வட்டி என்று புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் திருப்பிக் கட்டிவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி வாங்குகிறார்கள். "நூத்துக்கு ஒரு ரூபாதான் சார்" என்பார்கள். உண்மையில் அது 21 சதவீதத்துக்கு மேல்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாதிக் கணக்கை வீட்டுக் கடனுக்குப் போட்டுவிட்டு வங்கியில் போய்ச் சண்டை போடாதீர்கள். 30 லட்சம், 9%, 20 வருடம் என்றால் பாதிக் கணக்கு 27 லட்சம் காட்டும். சரியான வட்டியோ 34 லட்சத்தைத் தாண்டும். நீண்ட கடனில் பல வருடங்களுக்கு அசல் குறைவதே தெரியாது, அதுதான் காரணம். அங்கே முதல் மாத வட்டியைப் பாருங்கள். 30 லட்சத்துக்கு 9% என்றால் வருடம் 2,70,000, மாதம் 22,500. தவணை அட்டவணையின் முதல் வரியில் அந்த எண் இருக்க வேண்டும்.

2024 அக்டோபர் 1 முதல், இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லாச் செலவும் சேர்த்த வருட வட்டி விகிதத்தைக் காட்டும் கே.எஃப்.எஸ். தாளைக் கையெழுத்துக்கு முன்பே, உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. விதி இருந்து என்ன, "லோன் சாங்ஷன் ஆனதும் மெயிலில் வரும்" என்று ஏஜென்ட் சொன்னால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். தாளை முதலில் வாங்குங்கள். அதில் 21-ஐ ஒட்டி ஓர் எண் இருந்தால், 12% எங்கே போனது என்று அவரையே கேளுங்கள்.