கார்பிமசோலா, பி.டி.யூ.வா? ஆறாவது வாரத்துக்கு முன் எடுக்க வேண்டிய முடிவு

டாக்டர், தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்காக எட்டு மாதமாகக் கார்பிமசோல் 15 மி.கி. தினமும் சாப்பிடுகிறேன். கடைசி மாதவிலக்கு தொடங்கி 40 நாள் ஆகிறது, கர்ப்பம் உறுதியாகிவிட்டது. இந்த மாத்திரையால் உச்சந்தலையில் தோல் இல்லாமல் குழந்தை பிறக்கும் என்று இணையத்தில் படித்தேன். உடனே அதை நிறுத்திவிட்டு, அக்காவிடம் மிச்சமிருந்த, அதே நோய்க்கான பி.டி.யூ. 50 மி.கி. மாத்திரையை நேற்றிலிருந்து தினம் ஒன்று போடுகிறேன். இரண்டு மாதம் முன்பு பார்த்ததில் தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். 0.02, தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 மேல்வரம்பை ஒட்டி இருந்தது. எட்டு மாத மருந்து உடம்பில் தங்கியிருக்குமா? முடி வேறு கொட்டுகிறது. அயோடின் உப்பை நிறுத்தவா? கலைத்துவிடுவதுதான் நல்லதா?

பதில்:

கலைக்கக் காரணமே இல்லை. கார்பிமசோல் சாப்பிட்டார் என்பதற்காக மட்டும் எந்தக் கர்ப்பத்தையும் கலைப்பதில்லை. உங்கள் விஷயத்தில் நாட்கணக்கும் சாதகமாகவே இருக்கிறது. கார்பிமசோல் உடலுக்குள் போனதும் மெத்திமசோலாக மாறும். அது குழந்தையைப் பாதிக்கும் காலம் பெரும்பாலும் கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை. உறுப்புகள் உருவாகும் நேரம் அதுதான். வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 40 நாள் என்றால் ஐந்து வாரம் ஐந்து நாள். ஆபத்தான கட்டத்தின் வாசலில் நிற்கிறீர்கள், இன்னும் உள்ளே போகவில்லை. எட்டு மாத மாத்திரை சேர்ந்து கிடக்கும் என்ற பயத்தையும் விடுங்கள். இந்த மருந்து சில நாட்களில் வெளியேறிவிடும்.

நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதிதான். உச்சந்தலையில் சிறு இடத்தில் தோல் உருவாகாமல் போவது, மூக்கின் பின்துளை அடைபடுவது, உணவுக்குழாய் முழுதாக உருவாகாதது, தொப்புள் வழியே குடல் வெளியே தள்ளி நிற்பது ஆகியவை மெத்திமசோல் வகையோடு தொடர்புபடுத்தப்படும் குறைகள். சிலவற்றுக்குப் பிறந்தவுடன் அறுவை சிகிச்சை தேவைப்படும். 2013இல் டென்மார்க் தேசியப் பதிவேடுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, மருந்தே படாத குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு ஏதோ ஒரு பிறவிக்குறை இருந்தது. மெத்திமசோல், கார்பிமசோல் பட்டவர்களில் அது ஒன்பது. பி.டி.யூ. பட்டவர்களில் எட்டு.

அந்த எட்டைக் கவனியுங்கள். பி.டி.யூ. தீங்கற்ற மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதுவும் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. அதனால் வருபவை பெரும்பாலும் காதருகே சிறு துளை, கழுத்தில் நீர்க்கட்டி, சிறுநீர்ப்பாதையில் அடைப்பு போன்ற சற்று லேசான குறைகள். முதல் மூன்று மாதத்தில் பி.டி.யூ.வைத் தேர்ந்தெடுப்பதற்கான காரணம் இவ்வளவுதான். அதே ஆய்வில், முதல் வாரங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களின் குழந்தைகளுக்கும் குறைகள் குறையவில்லை. எட்டாவது வாரத்தில் நிதானமாக மாற்றினால் இரண்டு மருந்தின் பாதிப்பும் குழந்தைக்கே சேரும். மாற்றுவதென்றால் ஆறாவது வாரத்துக்கு முன், அதாவது பரிசோதனையில் கர்ப்பம் தெரிந்த அன்றே மாற்ற வேண்டும்.

இனி நீங்களாகச் செய்த காரியத்துக்கு வருவோம். மருந்து மாறியது சரி, அளவு முழுக்கத் தவறு. மாத்திரைக்கு மாத்திரை மாற்ற இது ஒரே மருந்தின் இரண்டு கம்பெனி இல்லை. கார்பிமசோல் 15 மி.கி. ஏறக்குறைய மெத்திமசோல் 10 மி.கி.க்குச் சமம். மெத்திமசோல் 1 மி.கி.க்கு பி.டி.யூ. 20 மி.கி. என்று வைத்தால், உங்களுக்கு நாளுக்கு 200 மி.கி., அதாவது நான்கு மாத்திரை வேண்டும். நீங்கள் போடுவது கால்வாசி. அதுவும் ஒரே வேளை. பி.டி.யூ. ரத்தத்தில் ஓரிரு மணி நேரம்தான் நிற்கும், ஆகவே அதை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்தே கொடுப்போம். இதே அளவில் போனால் ஓரிரு வாரத்தில் தைராய்டு மறுபடி ஏறிவிடும். கட்டுக்கடங்காத தைராய்டு கருச்சிதைவு, குறைப்பிரசவம், தாய்க்கு ரத்தக்கொதிப்பு என்று கொண்டுபோய்விடும். மருந்தைக் காட்டிலும் பயப்பட வேண்டியது அதற்கு.

ஒன்றுமே போடாமல் இருக்கலாமா என்ற கேள்வியும் உண்டு. மெத்திமசோல் 5 முதல் 10 மி.கி.க்குள் நின்று, டி.எஸ்.ஹெச். சாதாரணமாகி, கழுத்து வீக்கம் சிறிதாக, தைராய்டைத் தூண்டும் ஆன்டிபாடி குறைவாக உள்ள பெண்களுக்கு மருந்தை அறவே நிறுத்தி, ஓரிரு வாரத்துக்கொரு முறை ரத்தம் பார்ப்பதே முதல் தேர்வு. எட்டே மாதச் சிகிச்சையும் 0.02 என்ற மிகத் தாழ்ந்த டி.எஸ்.ஹெச்.சும் உள்ள நீங்கள் அந்த வரிசையில் இல்லை. இன்றே உங்கள் மருத்துவரிடம் போய், அளவை அவர் கையால் எழுதி வாங்குங்கள். ஃப்ரீ டி4, கல்லீரல் சோதனை, ரத்த அணுக்கள், டி.எஸ்.ஹெச். ஏற்பி ஆன்டிபாடி ஆகிய நான்கையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

முடி கொட்டுவது தைராய்டால், தானாகக் குறையும். சமையல் உப்பை மாற்ற வேண்டாம்.

நீங்கள் கேட்காத, ஆனால் நான் கவலைப்படும் ஒன்று இருக்கிறது: கல்லீரல். பி.டி.யூ. மிக அரிதாக, ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒருவருக்கு, கல்லீரலைக் கடுமையாகச் சிதைக்கும். சிலருக்கு மாற்றுக் கல்லீரல் வரை போனதுண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இல் இதன் மேல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது அதனால்தான். கர்ப்பத்தில் இது ஏமாற்றும். குமட்டல், வாந்தி, அசதி, பசியின்மை எல்லாம் மசக்கை என்று வீட்டிலேயே தீர்ப்பாகிவிடும். மசக்கையில் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்குப் போய், தண்ணீர் குடித்தும் வெளுக்காமல் நிற்காது. மலம் வெளிறாது, கண் வெள்ளை மஞ்சளாகாது. வலது விலாவுக்குக் கீழே வலி, உடம்பெங்கும் அரிப்பு என்பதும் மசக்கையின் குணமில்லை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றே கல்லீரல் சோதனை செய்ய வேண்டும். போன மாத ரிப்போர்ட் நன்றாக இருந்ததே என்று இருந்துவிடாதீர்கள், இந்தச் சிதைவு திடீரென வரும். காய்ச்சலோடு தொண்டை வலி வந்தாலும் இதே விதிதான்: மாத்திரையை நிறுத்துங்கள், அன்றே வெள்ளணுக்களை எண்ணுங்கள். வெள்ளணுக்கள் சரியும் இந்த ஆபத்து இரண்டு மருந்துக்கும் பொது, மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்தில் அதிகம்.

அளவு சரியா என்று டி.எஸ்.ஹெச்.சை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். கர்ப்ப ஹார்மோனே முதல் மூன்று மாதத்தில் அதைக் கீழே இழுக்கும். ஃப்ரீ டி4 மேல்வரம்பிலோ அதற்குச் சற்றே மேலோ நின்றால் போதும். டி.எஸ்.ஹெச்.சை நேராக்குகிறேன் என்று மருந்தைக் கூட்டினால், பன்னிரண்டாவது வாரத்துக்குப் பின் வேலை தொடங்கும் குழந்தையின் தைராய்டு அடங்கிப்போய் கழுத்து வீங்கும். அளவு தேறும்வரை இரண்டு வாரத்துக்கொரு முறை ரத்தம் பாருங்கள்.

பதினாறாவது வாரம் தாண்டியதும் கிரேவ்ஸ் தானாகவே தணிவதுண்டு. அப்போது குறைந்த அளவு பி.டி.யூ.வில் நன்றாக இருந்தால் அதையே தொடரலாம், அளவு அதிகம் தேவைப்பட்டால் கார்பிமசோலுக்குத் திரும்புவதை உங்கள் மருத்துவர் யோசிப்பார். 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், ஆரம்பத்தில் எந்த மருந்து எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை ஸ்கேன் பார்ப்பவரிடம் சொல்லுங்கள், தொப்புளையும் சிறுநீரகத்தையும் கூடுதலாகப் பார்ப்பார். ஆன்டிபாடி வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் குழந்தையின் இதயத்துடிப்பையும் கழுத்தையும் பின்வாரங்களிலும் கவனிக்க வேண்டிவரும். அக்காவின் மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.